ரசீதுல 2026-27, கணக்குல 2025-26: ஒரு வருஷத்துக்குள்ள எத்தனை வருஷப்பிறப்பு?

கேள்வி: அண்ணே, பையனுக்கு ஸ்கூல் பீஸ் போன மார்ச் 20ம் தேதி கட்டுனேன். ரசீதுல 2026-27னு போட்டிருக்கு. இப்ப ரிட்டர்ன் போடலாம்னா ஆடிட்டர் ஆபீஸ்ல "இது 25-26 கணக்கு"ங்கறாங்க, ஆனா பாரத்துல 2026-27னு தான் இருக்கு. இதுல அப்பா வேற நிலத்து ரசீது ஒண்ணு குடுத்தாரு, அதுல பசலி 1435ஆம். ஜனவரி ஒரு புது வருஷம், சித்திரை ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு. ஏன் இம்புட்டு? எப்படி குழம்பாம வச்சுக்கறது?

பதில்:

தம்பி, முதல்ல உங்க ஆடிட்டர் ஆபீஸ்ல சொன்னது சரி. அந்த பீஸ் 2025-26 கணக்குல தான் வரும். பாரத்துல 2026-27னு இருக்கறதும் சரி. ரசீதுல 2026-27னு இருக்கறதும் சரி. மூணும் சரியா இருக்கறதால தான் குழப்பமே. நான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கணக்கு ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டுறேன், ஜூன் ஜூலை வந்தா இதே கேள்வியோட தினம் நாலு பேராவது வந்து உக்காருவாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

புது வருஷம்னு சொன்னதும் நாம கேக்கு, கோலம், வேப்பம்பூ பச்சடின்னு நினைக்கறோம்ல, அதை ஒதுக்கி வைங்க. யாரோ ஒருத்தர் ஒரு நாள் ராத்திரியோட தன் கணக்கை மூடிட்டு மறுநாள் காலைல புது நோட்டு திறக்கறாரு, அந்த திறக்கற நாள் தான் அவருக்கு வருஷப்பிறப்பு. வரி வாங்குறவன் ஒரு நாள் மூடுறான், பள்ளிக்கூடம் ஒரு நாள் மூடுது, தாலுகா ஆபீஸ் ஒரு நாள் மூடுது, சூரியன் ஒரு நாள் சுத்தி முடிக்குது. ஒவ்வொருத்தருக்கும் மூடுறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, யாரும் யாரையும் கேட்டுகிட்டு மூடல.

உங்க ரசீதையே எடுத்துக்குவோம். 2026 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. அன்னிக்கு வீட்டுல மாட்டியிருந்த தினசரி காலண்டர் தாளை கிழிக்காம பாத்திருந்தீங்கன்னா விசுவாவசு வருஷம் பங்குனி 6னு இருந்திருக்கும். இங்கிலீஷ் காலண்டர்படி வருஷம் பிறந்து ரெண்டரை மாசம் ஆச்சு. வருமான வரிக்காரங்களுக்கு வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள் பாக்கி. உங்க பையன் ஸ்கூலுக்கு அடுத்த வருஷம் இன்னும் பிறக்கவே இல்ல, ஆனா அதுக்கு காசு வாங்கியாச்சு. உங்க அப்பா நிலத்துக்கு தாலுகா ஆபீஸ் வருஷமான பசலி 1435 நடந்துகிட்டு இருக்கு, அது ஜூன் 30 வரைக்கும் ஓடும். உங்க தெருவுல தெலுங்கு பேசுற குடும்பம் இருந்தா அவங்களுக்கு முந்தின நாள் தான் யுகாதி, அவங்க வீட்டுல ஏற்கனவே பராபவ வருஷம் பிறந்தாச்சு, நமக்கு அதே பராபவ ஏப்ரல் 14ல தான். அறுபது வருஷப் பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான், அவங்க அமாவாசை முடிஞ்சு எண்ணுறாங்க, நாம சூரியன் மேஷத்துக்கு வந்தப்புறம் எண்ணுறோம், அதனால ஒரு இருபத்தாறு நாள் ஒரே தெருவுல ரெண்டு வருஷம் நடந்துச்சு.

சரி, ஏன் ஏப்ரல் 1? இதை விவசாய அறுவடை, தமிழ் வருஷப்பிறப்பு பக்கத்துல வருது அதனாலன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா வந்த வழி வேற. இந்தியாவுக்கு முதல் பட்ஜெட் 1860 ஏப்ரல்ல ஜேம்ஸ் வில்சன் போட்டாரு. அப்ப இங்க சர்க்கார் கணக்கு மே 1ல ஆரம்பிச்சு ஏப்ரல் 30ல முடியும். லண்டன்ல அவங்க சர்க்கார் கணக்கு 1854ல இருந்தே மார்ச் 31ல முடியுது. ரெண்டு கணக்கையும் ஒட்டிப் பாக்க தோதா இல்லன்னு 1867ல இங்கயும் ஏப்ரல் 1னு மாத்துனாங்க. அப்படி மாத்துனப்ப நடுவுல ஒரு வருஷம், அதாவது 1866-67, பதினோரு மாசத்துலயே முடிஞ்சு போச்சு. நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதே தான்.

ஜனவரி 1 கூட ஆதியில இருந்து எல்லாருக்கும் புது வருஷமா இருந்ததில்ல. ரோமாபுரியில கி.மு. 153ல இருந்து கான்சல்னு சொல்ற ஆட்சிப் பொறுப்புக்காரங்க பதவி ஏத்துக்குற நாள் அது, அப்புறம் சீசர் காலண்டரை திருத்துனப்பவும் அதுவே நின்னுச்சு. அதாவது அதுவும் ஒரு ஆபீஸ் கணக்கு தான். இங்கிலாந்துல 1751 வரைக்கும் சட்டப்படி வருஷம் மார்ச் 25ல தான் பிறந்துச்சு. 1752ல இருந்து ஜனவரி 1னு மாத்துனாங்க, அதே 1752ல காலண்டரையும் சரி பண்றேன்னு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14னு பதினோரு நாளை முழுங்கிட்டாங்க. வரி வாங்குறவங்க பதினோரு நாள் வரியை விடுவாங்களா, மார்ச் 25 கணக்கை ஏப்ரலுக்கு தள்ளிட்டாங்க, இன்னிக்கும் அங்க தனி ஆளுக்கு வருமான வரி வருஷம் ஏப்ரல் 6ல தான் ஆரம்பிக்குது. மக்கள் வருஷத்தை மாத்திக்கலாம், வரி வருஷம் கூட வராதுங்கறதுக்கு இதை விட சாட்சி வேணாம்.

நம்ம ஊர்லயும் கடைக்காரங்க எல்லாரும் மார்ச் 31ல மூடுனதெல்லாம் சமீபத்துக் கதை தான். 1980கள் வரைக்கும் வியாபாரிங்க தீபாவளிக்கு தீபாவளி, சித்திரைக்கு சித்திரைன்னு அவங்கவங்க வழக்கப்படி கணக்கு வருஷம் வச்சுக்கலாம், வருமான வரியில அதுக்கு இடம் இருந்துச்சு. 1989-90 அசெஸ்மென்ட் இயர்ல இருந்து எல்லாருக்கும் ஒரே மார்ச் 31னு ஆக்கிட்டாங்க. என்னைய வேலைக்கு வச்ச பெரியவர் சொல்வாரு, அந்த ஒரு வருஷம் மட்டும் சில கடைக்கு பன்னெண்டு மாசத்துக்கு மேல நீளமா கணக்கு எழுத வேண்டி வந்துச்சாம். இன்னிக்கும் விளக்குத்தூண் பக்கம் கடைகள்ல நல்ல நாள் பாத்து புது நோட்டுக்கு மஞ்சள் தடவி, முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டு, லாபம்னு எழுதி வைப்பாங்க. அது சாமிக்கு. ஜிஎஸ்டிக்கு ஏப்ரல் 1ல தான் பில் நம்பர் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், ஏன்னா ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு விதி. அதனால தான் பில்லுல 001க்கு முன்னாடி 26-27னு வருஷத்தையும் சேத்து போடுறாங்க.

இப்ப உங்க குழப்பத்தோட நடு முடிச்சுக்கு வர்றேன். நீங்க சம்பாதிச்ச வருஷம் 2025 ஏப்ரல் 1ல இருந்து 2026 மார்ச் 31 வரைக்கும். அது நிதியாண்டு 2025-26. அந்த வருமானத்தை உக்காந்து கணக்கு பாத்து வரி சரியான்னு தீர்மானிக்கற வருஷம் அதுக்கு அடுத்தது, அது அசெஸ்மென்ட் இயர் 2026-27. ரிட்டர்ன் பாரத்துல மேல போட்டிருக்கறது அது. அறுவடை ஒரு வருஷம், அளந்து போடுறது அடுத்த வருஷம்னு வச்சுக்குங்க. ஸ்கூல் ரசீதுல இருக்கற 2026-27 உங்க பையன் எந்த வகுப்பு வருஷத்துக்கு உக்காரப் போறான்ங்கறதை சொல்லுது, அவ்வளவு தான். எழுத்து ஒண்ணு, அர்த்தம் வேற.

பீஸ் கழிவுக்கு பாக்க வேண்டியது ரசீதுல கட்டுன தேதி மட்டும். எந்த வருஷப் படிப்புக்குன்னு யாரும் கேக்கமாட்டாங்க. மார்ச் 20 கட்டுனீங்க, மார்ச் 31க்கு முன்னாடி, அதனால 2025-26. இதையே நீங்க ஏப்ரல் 2ம் தேதி கட்டியிருந்தா ரசீது அச்சு அசலா இதே மாதிரி தான் இருக்கும், ஆனா கழிவு அடுத்த கணக்குக்கு போயிருக்கும். ரெண்டு விஷயம் கவனிச்சுக்குங்க. ஒண்ணு, டியூஷன் பீஸ்னு தனியா போட்டிருக்கற தொகை மட்டும் தான், பஸ் பீஸ், யூனிபார்ம், நன்கொடை, டெவலப்மென்ட்னு போட்டதெல்லாம் சேராது, அதுவும் பழைய வரி முறையில இருந்தா தான், பிஎஃப் எல்ஐசி எல்லாம் சேத்து ஒன்றரை லட்சத்துக்குள்ள. ரெண்டு, உங்க கம்பெனியில ஜனவரியிலயே சேமிப்பு ரசீதெல்லாம் வாங்கி முடிச்சிருப்பாங்க, அதனால மார்ச்ல கட்டுனது பாரம் 16ல இருக்காது. அது இல்லன்னு பயப்பட வேணாம், ரிட்டர்ன் போடும்போது நீங்களே சேத்துக்கலாம், ரசீதை மட்டும் பத்திரமா வைங்க.

போன வருஷம் வரைக்கும்னா இதோட முடிச்சிருப்பேன். இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேந்திருக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்தாச்சு, அதுல அசெஸ்மென்ட் இயர்ங்கற பேச்சே கிடையாது, சம்பாதிக்கற வருஷத்தையே வரி ஆண்டுன்னு சொல்லிட்டாங்க. நல்ல காரியம் தான், ஆனா மாறுற இந்த வருஷம் தான் ஆபத்து. இப்ப நீங்க போடப்போற ரிட்டர்ன் பழைய சட்டப்படி அசெஸ்மென்ட் இயர் 2026-27, அதுக்குள்ள இருக்கறது போன வருஷ சம்பளம். இந்த ஏப்ரல்ல இருந்து நீங்க சம்பாதிக்கறது புது சட்டப்படி வரி ஆண்டு 2026-27. ரெண்டுலயும் 2026-27, உள்ள இருக்கற பணம் வேற வேற வருஷத்துது. ஆன்லைன்ல பணம் கட்டும்போது வருஷத்தை மட்டும் பாக்காதீங்க, அதுக்கு முன்னாடி அசெஸ்மென்ட்னு இருக்கா வரி ஆண்டுன்னு இருக்கான்னு பாருங்க. மாறாத காலத்துலயே எங்க ஆபீஸுக்கு வர்ற தப்புகள்ல முதல் இடம் இதுக்கு தான். ஒரு அண்ணாச்சி மார்ச் மாசம் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுறேன்னு தானே போன்ல உக்காந்து, நடக்கற வருஷம் தானேன்னு நிதியாண்டை அசெஸ்மென்ட் இயர் இடத்துல அழுத்திட்டாரு, பணம் ஒரு வருஷம் பின்னால போய் உக்காந்துகிச்சு. ரிட்டர்ன் போட்டா வரி கட்டவே இல்லன்னு நோட்டீஸ். பணம் எங்கயும் போகல, ஆனா அதை இழுத்துகிட்டு வந்து சரியான வருஷத்துல போட வைக்கறதுக்குள்ள எனக்கு டீ செலவே தனி.

சித்திரை ஒண்ணுக்கு வர்றேன், இதுல மட்டும் எந்த ஆபீஸும் கிடையாது. சூரியன் மேஷ ராசிக்குள்ள நுழையற நேரம் அது. நுழையறது சூரியன் மறையறதுக்கு முன்னாடின்னா அன்னிக்கே மாசப்பிறப்பு, மறைஞ்சப்புறம்னா மறுநாள், இதான் தமிழ்நாட்டு வழக்கம். சூரியன் போற போக்குக்கு மாசம் இருக்கறதால தான் நம்ம மாசமெல்லாம் 29 நாள்ல இருந்து 32 நாள் வரைக்கும் இழுக்குது, மார்கழி சுருங்கும், ஆனி ஆடி நீளும். ஜூலை வாக்குல பூமி சூரியனை விட்டு தள்ளி மெதுவா போகுது, அதனால ஒரு ராசியை கடக்க நாள் கூட ஆகுது.

ஏப்ரல் 14னு மனப்பாடமா இருக்கறதால அது என்னிக்கும் அங்கயே நிக்கும்னு நினைச்சுடாதீங்க. நம்ம வருஷம் நட்சத்திரத்தை வச்சு அளக்கறது, இங்கிலீஷ் வருஷம் பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாளை வச்சு அளக்கறது, நம்மளது இருபது நிமிஷத்துக்கு மேல பெருசு. இருபது நிமிஷம் சேந்து சேந்து அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் ஆயிடும். உங்க தாத்தாவோட அப்பா காலத்துல 13ல பிறந்த வருஷம் பல, உங்க பேரன் காலத்துல 15 சாதாரணமாயிடும். வருஷத்தோட பேரு தெரியணும்னா 1987ஐ பிரபவன்னு வச்சு எண்ணுங்க, அது அறுபதுல முதல் பேரு, 2026 அதுல நாப்பதாவது, பராபவ. சுத்து முடிஞ்சா திரும்ப முதல்ல இருந்து, அதனால பழைய பத்திரத்துல வெறும் பேரு மட்டும் இருந்தா எந்த அறுபதுன்னு வேற துப்பு வச்சு தான் சொல்ல முடியும்.

அரசு அழைப்பிதழ்ல திருவள்ளுவர் ஆண்டு 2057னு பாத்திருப்பீங்க, அது இங்கிலீஷ் வருஷத்தோட 31 கூட்டுனது, தை மாசத்துல மாறும். தை ஒண்ணு தான் தமிழ்ப் புத்தாண்டுன்னு 2008ல சட்டமே போட்டாங்க, 2011ல அதை ரத்து பண்ணிட்டாங்க. யார் சரின்னு இங்க நான் வாயைத் திறக்கல, கமெண்ட்ல அடிச்சுக்குவீங்க.

மதுரைக்காரங்களுக்கு இன்னொரு சங்கதி. சித்திரைத் திருவிழா சித்திரையில வருதுங்கறதால வருஷப்பிறப்பை ஒட்டியே வரும்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. மாசம் சூரியனோடது, திருவிழா நிலாவோடது. அழகர் ஆத்துல இறங்குறது சித்ரா பௌர்ணமியை வச்சு. 2024ல ஏப்ரல் 23ல இறங்குனாரு, 2025ல மே 12ல. வருஷப்பிறப்பு ரெண்டு தடவையும் ஏப்ரல் 14 தான், அழகர் மட்டும் பத்தொம்பது நாள் தள்ளி வந்தாரு. லீவு போட்டு டிக்கெட் எடுக்கறவங்க போன வருஷ தேதியை பாத்து எடுத்துட்டு முழிக்கறது இதனால தான். ஆட்சி வருஷம்னு பாத்தாலும் நம்ம ஊருக்கு தனிக் கணக்கு இருக்கு, சித்திரையில மீனாட்சிக்கு பட்டாபிஷேகம் ஆகி செங்கோல் அம்மன் கைக்கு போகும், ஆவணி மூலத்துல சுந்தரேசுவரர் வாங்கிக்குவாரு. நாலு மாசம் அம்மா, எட்டு மாசம் அய்யா. இதுக்கு ரிட்டர்ன் போட வேணாம், அதுவரைக்கும் சந்தோஷம்.

ஸ்கூலுக்கு ஜூன், காரணம் வெயிலைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு தான் ஸ்டேட் போர்டு கதவைத் திறக்கும், வெயில் அடங்கலன்னா இன்னும் தள்ளுவாங்க, 2024ல ஜூன் 10க்கு போச்சு. சிபிஎஸ்இ ஏப்ரல்லயே ஆரம்பிச்சுடும், உங்க பையனது சிபிஎஸ்இயா இருந்தா மார்ச்லயே காசு வாங்குனது அதனால தான். ஒரே ஒரு இடத்துல இது உதைக்கும், வயசு. நம்ம மாநிலத்துல வயசை ஜூலை 31 வச்சு பாப்பாங்க, கேந்திரிய வித்யாலயாவுல ஒண்ணாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்னிக்கு ஆறு முடிஞ்சிருக்கணும். மே மாசம் பிறந்த பிள்ளைக்கு இங்க ஒண்ணாவது கிடைச்சு அங்க கிடைக்காம போறது இதனால தான், ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

ஸ்கூல் வருஷமும் நிதியாண்டும் முட்டிக்கறதுல மோசமான அடி எங்க வீட்டுலயே விழுந்துச்சு. அக்கா பொண்ணுக்கு மத்திய கல்லூரி கவுன்சலிங்குக்காக ஓபிசி நான் கிரீமி லேயர் சான்றிதழ் வேணும். புத்திசாலித்தனமா முன்னாடியே எடுத்து வைப்போம்னு ஜனவரியிலயே எடுத்துட்டோம், வாங்கி ஆறு மாசம் கூட ஆகல, ஜூன்ல அப்லோட் பண்ணுனா ஏத்துக்கல. ஏப்ரல் 1க்கு அப்புறம் குடுத்த சான்றிதழ் தான் வேணுமாம். ஏன்னா அந்த சான்றிதழ் அப்பா அம்மாவோட முடிஞ்ச மூணு நிதியாண்டு வருமானத்தை வச்சு குடுக்கறது. மார்ச் 31 தாண்டிட்டா மூணு வருஷத்துல ஒரு வருஷம் மாறிடுது, அதனால பழைய தாள் பழைய கணக்கு. சான்றிதழ் குடுத்தவங்க தப்பும் இல்ல, கேட்டவங்க தப்பும் இல்ல, வெள்ளனே எடுத்த எங்க தப்பு. இ-சேவையில திரும்ப விண்ணப்பம், ஆர்.ஐ., தாசில்தார்னு ஒரு வாரம் அலைஞ்சோம், கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்துச்சு. இதுல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, நம்ம மாநில சாதிச் சான்றிதழ் நிரந்தரம், அதுக்கு வருஷமே கிடையாது. வருமானம் சம்பந்தப்பட்ட எந்தத் தாளா இருந்தாலும் ஏப்ரல் முதல் வாரத்துல எடுங்க, பிப்ரவரியில எடுத்தா இந்த மாதிரி இடத்துல அது ரெண்டு மாசம் கூட உயிரோட இருக்காது.

இனி உங்க அப்பாவோட பசலி. எங்க தாத்தா மேலூர் பக்கம் கிராமக் கணக்கு எழுதுற கர்ணமா இருந்தவரு, 1980ல அந்த வேலையையே எடுத்துட்டாங்க, ஆனா வீட்டுல பசலி பேச்சு போகல. அது மொகலாயர் காலத்து வருவாய்க் கணக்கு, ஃபஸல்னா விளைச்சல். தாலுகா ஆபீஸுக்கு வருஷம் ஜூலை 1ல பிறந்து ஜூன் 30ல முடியும். ஆடிப் பட்டம் தேடி விதைன்னு நம்மாளு சொல்றதும் இதுவும் ஒத்துப்போகும், விதைக்கறதுக்கு முன்னாடி பழைய கணக்கு முடிஞ்சிருக்கும். மே ஜூன்ல ஜமாபந்தின்னு நடக்குதே, அது விஏஓ வச்சிருக்கற அந்த பசலிக் கணக்கையெல்லாம் மேல இருக்கறவங்க வந்து சரி பாக்கறது. உங்க பசலி 1435ஓட 590ஐ கூட்டுங்க, 2025. அந்த 2025 ஜூலையில ஆரம்பிச்சு 2026 ஜூன்ல முடியற பசலின்னு அர்த்தம். கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடனுக்கு நடப்பு பசலி அடங்கல் கேட்டாங்கன்னா ஜூன் 28ம் தேதி ஒரு பசலி, ஜூலை 2ம் தேதி வேற பசலி, அந்த வாரத்துல மட்டும் ஒரு தடவை கேட்டுட்டு போங்க.

எப்படி வச்சுக்கறதுன்னு கேட்டீங்க. எங்க ஆபீஸ்ல "இந்த வருஷம்", "போன வருஷம்"ங்கற வார்த்தையை பையன்கள் சொன்னா நான் திட்டுவேன். ரசீது கைக்கு வந்ததும் மேல் மூலையில பென்சில்ல ரெண்டு தேதி எழுதுவோம், 1.4.25 - 31.3.26ன்னு, தொடக்கமும் முடிவும். ஸ்டேட் போர்டு ஸ்கூல் தாள்னா 6.26 - 4.27, பசலின்னா 1.7.25 - 30.6.26. 2026-27னு எழுதறதே இல்ல, அது நாலு பேருக்கு பொதுவான பேரு, தேதி ஒருத்தருக்கு தான் சொந்தம். அதுலயும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு மாசம் தான் கண்ணை கட்டும், காலண்டர்ல 2026 வந்திருக்கும், வரிக் கணக்கு இன்னும் 2025லயே நிக்கும். அந்த மூணு மாசத் தாளை மட்டும் நாங்க தனி க்ளிப் போட்டு வைப்போம்.

எக்செல்ல செலவு எழுதறவரா இருந்தா தேதி A2ல இருக்குன்னு வச்சுகிட்டு இந்த ரெண்டு வரியை போட்டுக்குங்க, முதல் வரி நிதியாண்டு, ரெண்டாவது பசலி.

```
=IF(MONTH(A2)>=4,YEAR(A2)&"-"&RIGHT(YEAR(A2)+1,2),YEAR(A2)-1&"-"&RIGHT(YEAR(A2),2))
=YEAR(A2)-IF(MONTH(A2)>=7,590,591)
```

உங்க மார்ச் 20ஐ போட்டா 2025-26னும் 1435னும் வரும். வரலைன்னா தேதி எழுத்தா பதிவாகியிருக்கும், நம்ம ஊர் முறையில நாள் முதல்ல அடிச்சா சில கம்ப்யூட்டர் அதை தேதின்னே எடுத்துக்காது, செல் இடது பக்கமா ஒட்டி நின்னா அது தான் அடையாளம். தமிழ் வருஷத்துக்கு இப்படி ஒரு வரியில வராது, சூரியன் எப்ப நுழையுதுன்னு பஞ்சாங்கத்தை பாத்து தான் ஆகணும், அதுக்கு செவுத்துல தொங்குற தினசரி காலண்டரே போதும்.

ரிட்டர்ன்ல அந்த பீஸை சேக்கும்போது ரசீது நம்பர் பக்கத்துல வச்சுக்குங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க, அடுத்த தீர்வை ரசீது ஜூலை 1க்கு அப்புறம் வாங்குனா பசலி 1436னு இருக்கான்னு அங்கயே பாத்து வாங்கச் சொல்லுங்க, ஜூலை முதல் வாரத்துல பழக்கதோஷத்துல 1435னே எழுதி குடுத்து ரெண்டு தடவை எங்க சித்தப்பா திரும்ப பஸ் ஏறியிருக்காரு.